வீக்கம் வடிந்த பிறகும் நோட்டை மூடாதீர்கள்: குழந்தைகளின் நெஃப்ராடிக் சிண்ட்ரோமும் ருமாட்டிக் காய்ச்சலும்

குழந்தைகள் வார்டில் செவிலியர் பணி செய்யும் நாங்கள், பெற்றோரை உட்காரவைத்து நீண்ட நேரம் விளக்க வேண்டிய நோய்கள் இரண்டு உண்டு. ஒன்று சிறுநீரகத்தைப் பாதிக்கும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். மற்றொன்று தொண்டைவலியில் தொடங்கி இதயத்தில் போய் முடியக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல். இவை வெவ்வேறு நோய்கள். ஒன்று மற்றொன்றாக மாறாது. ஆனாலும் குடும்பத்தாரிடம் இரண்டும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. குழந்தை படுத்த படுக்கையாக இருக்கும் நாட்களில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். பிள்ளை எழுந்து ஓடியாடத் தொடங்கியதும் மாத்திரையும் ஊசியும் மெல்ல நின்றுபோகின்றன. இந்த இரண்டு நோய்களும் திரும்பி வருவது அப்போதுதான்.

ஆகவே மருத்துவமனையில் நடப்பதைச் சுருக்கமாகவும், வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதை விரிவாகவும் இங்கே பார்ப்போம்.

காலையில் வீங்கும் முகம்

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை கழிவை வெளியே விட்டு, இரத்தத்தில் உள்ள புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். நெஃப்ராடிக் சிண்ட்ரோமில் இந்த வடிகட்டி கசியத் தொடங்குகிறது. ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு போய்விடுகிறது. இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அந்த ஆல்புமின்தான். அது குறைந்ததும் நீர் வெளியே கசிந்து சதையில் தேங்குகிறது. அதுவே வீக்கம்.

பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு இது வருகிறது. முதலில் காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். மாலைக்குள் வற்றிவிடும். பல வீடுகளில் இதை அலர்ஜி என்று எண்ணிச் சில நாட்கள் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு வயிறும் கால்களும் வீங்கும். ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பையும் வீங்கும். சிறுநீர் குறைந்து, சோப்பு நுரைபோல நுரைக்கும். அலர்ஜியா, சிறுநீரகமா என்ற சந்தேகத்தை ஒரு சிறுநீர்ப் பரிசோதனையே தீர்த்துவிடும்.

ஒரு சிறுவனின் கணக்கு

விளக்கத்துக்காக ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வீங்கும் முன் அவன் எடை 16 கிலோ. மருத்துவமனைக்கு வரும்போது 18.5 கிலோ. கூடியிருக்கும் இரண்டரைக் கிலோவும் தேங்கிய நீர். சிறுநீரில் புரதம் 4+.

இவனுக்கு முக்கிய மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. வீங்கிய எடையை வைத்து அல்ல, உண்மையான எடையை வைத்தே கணக்கிட வேண்டும். எனவே 32 மில்லிகிராம் வருகிறது. இந்தியாவில் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் முறைப்படி, முதல் முறை நோய் வரும்போது இதைத் தினமும் 6 வாரம் தருவார்கள். பிறகு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், அதாவது 24 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேலும் 6 வாரம் தருவார்கள்.

வார்டில் நாங்கள் தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே தராசில், அதே அளவு உடுப்போடு அவனை நிறுத்துப் பார்ப்போம். வயிற்றுச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் குறிப்போம். வீங்கிய தோல் எளிதில் புண்ணாகும் என்பதால் அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்போம். தோல் மடிப்புகளை ஈரமில்லாமல் வைத்து, விதைப்பைக்கு அடியில் மெத்தென்ற துணி மடித்து வைப்போம். இவற்றை உம்மாவோ பாட்டியோ அருகில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் திரும்பினால் வீட்டிலும் இவைதான் தேவைப்படும்.

முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பத்தாம் நாள் வாக்கில் சிறுநீர் தாராளமாகப் போகத் தொடங்குகிறது. எடை 17.6, 16.9, 16.2 என்று இறங்குகிறது. தொடர்ந்து மூன்று நாள் காலைச் சிறுநீரில் புரதம் இல்லை என்று வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று பொருள். இந்த நோய் வரும் பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஸ்டீராய்டு இப்படி வேலை செய்கிறது.

“வீக்கம் வற்றிவிட்டதே, இன்னும் ஏன் மாத்திரை?” என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. முகம் உருண்டையாகிவிட்டது, ஓயாமல் பசிக்கிறது, எரிந்து விழுகிறான் என்று வீட்டார் கவலைப்படுவார்கள். ஸ்டீராய்டின் இந்த விளைவுகள் மருந்து குறையக் குறைய மறையும். ஆனால் மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நம் உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு, பல வாரம் வெளியிலிருந்து மருந்து கிடைப்பதால் உறங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் வீழ்தல் என்று போகும். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

காலைச் சிறுநீரும் ஒரு நோட்டும்

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் ஒரு முறையாவது திரும்ப வரும். அதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். வளரும் வயதில், பெரும்பாலும் பதின்பருவத்துக்குள், இது விட்டுவிடுகிறது. அதுவரை ஒவ்வொரு முறையும் சீக்கிரம் பிடிப்பதே நம் வேலை. முகம் வீங்குவதற்குச் சில நாட்கள் முன்பே சிறுநீரில் புரதம் தெரிந்துவிடும். அதை வீட்டிலேயே பார்க்கலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர் ஸ்டிரிப் எளிய வழி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். ஸ்டிரிப்பை நனைத்து உடனே எடுத்து, டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் பொறுத்து, அதிலுள்ள நிறங்களோடு ஒப்பிடுங்கள். புரதக் கட்டம் மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை அடர்ந்துகொண்டே போனால் 1+, 2+, 3+ என்று ஏறுகிறது. டப்பாவை இறுக மூடி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரி வேண்டாம்.

ஸ்டிரிப் வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகளுக்குச் சல்போசாலிசிலிக் அமிலச் சோதனையைச் சொல்லித் தருகிறோம். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து, மருத்துவமனையில் காட்டித் தந்த அளவில் அமிலச் சொட்டுகளை விட்டு, குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்துகளைத் தெளிவாக வாசிக்க முடிந்தால் புரதம் இல்லை, அல்லது மிகக் குறைவு. எழுத்தே தெரியாமல் பால்போலக் கலங்கினால் 3+ அல்லது அதற்கு மேல். அமிலப் புட்டி குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது.

நோட்டில் ஐந்து பத்திகள் போதும்: தேதி, புரதம், எடை, கொடுத்த மருந்து, சளி காய்ச்சல் போன்ற குறிப்பு. நாம் எடுத்துக்கொண்ட சிறுவனின் நோட்டைப் பாருங்கள். மருந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை சளி பிடிக்கிறது. ஞாயிறு 1+, திங்கள் 2+, செவ்வாய் 3+, புதன் 3+, வியாழன் 3+. சளி பிடித்தால் புரதம் லேசாக எட்டிப்பார்த்துவிட்டுத் தானே மறைவதும் உண்டு. அதனால் ஞாயிறும் திங்களும் பதற வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால்தான் நோய் திரும்பியிருக்கிறது என்று கணக்கு. வியாழனன்று முகத்தில் வீக்கமே இல்லை. அன்றே நோட்டோடு மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மாத்திரையால் சரியாகிவிடும். வீக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் வார்டில் படுக்கை தேட வேண்டியிருக்கும். அதற்காகப் பழைய சீட்டை வைத்து நாமாக மாத்திரையைத் தொடங்கவும் கூடாது.

உணவில், வீக்கம் உள்ள நாட்களில் உப்பைக் குறைப்பதே முக்கியம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் ஆகியவற்றை விலக்குங்கள். புரதம் போகிறதே என்று முட்டையையும் இறைச்சியையும் அளவுக்கு மீறித் திணிக்க வேண்டாம். வயதுக்கேற்ற வழக்கமான அளவே போதும்.

நோய் மேலோங்கியிருக்கும்போது கிருமித் தொற்று எளிதில் பற்றும், இரத்தமும் எளிதில் உறையும். காய்ச்சலோடு வயிற்றுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், கைகால் சில்லிட்டுத் தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது சின்னம்மை கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு அது கடுமையாக வரும். அதிக அளவு ஸ்டீராய்டு ஓடும்போது சில தடுப்பூசிகளைத் தள்ளிவைப்பார்கள், நோய் அடங்கிய காலத்தில் சிலவற்றைக் கூடுதலாகப் போடுவார்கள். அதனால் தடுப்பூசி அட்டையும் நோட்டோடு இருக்கட்டும்.

ஆண் பிள்ளைக்குக் கத்னா செய்ய நாள் குறித்திருந்தால், வீக்கமோ தினசரி ஸ்டீராய்டோ உள்ள காலத்தில் வேண்டாம். புண் ஆறத் தாமதமாகும், சீழ்பிடிக்கவும் கூடும். நோய் அடங்கிய பின் மருத்துவரிடம் கேட்டு நாள் பார்க்கலாம்.

தொண்டையில் தொடங்கி இதயம் வரை

ருமாட்டிக் காய்ச்சல் வேறு வயதில் வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிறது. அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, அந்தக் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. மூட்டு, இதயம், மூளை, தோல் ஆகியவை அதில் மாட்டுகின்றன. இந்த நோய் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே பழைய சொல் ஒன்று உண்டு. மூட்டுவலி தடயமில்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு அப்படியே நிற்கும்.

11 வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். எடை 30 கிலோ. திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டு. சளியும் இல்லை, இருமலும் இல்லை. மருத்துவர் பத்து நாளுக்கு மாத்திரை எழுதுகிறார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரை நின்றுவிடுகிறது. மூன்று வாரம் கழித்து வலது முழங்கால் சிவந்து வீங்குகிறது. இரண்டு நாளில் அது சரியாகி, கணுக்கால் வீங்குகிறது. பிறகு முழங்கை. வலி மாத்திரை கொடுத்தால் ஒரே நாளில் குறைகிறது. வளர்ச்சி வலி என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இப்படி மூட்டுக்கு மூட்டு தாவும் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் இதயத்தைப் பரிசோதித்தே ஆக வேண்டும். இவளுக்கு எக்கோ பரிசோதனையில் மைட்ரல் வால்வில் லேசான கசிவு தெரிகிறது.

இன்னொரு விதமாகவும் இது தலைகாட்டும். தொண்டைவலி வந்து சில மாதம் கழித்துப் பிள்ளையின் எழுத்து கோணலாகும், டம்ளர் கைநழுவும், முகம் தானாகச் சுளிக்கும், காரணமில்லாமல் அழுவாள். தூங்கும்போது அசைவுகள் நின்றுவிடும். பள்ளியில் இதைக் குறும்பு என்று அடிப்பார்கள். வீட்டில் கண்ணேறு என்றோ ஜின் கோளாறு என்றோ பயப்படுவார்கள். துஆச் செய்யுங்கள், ஓதியும் பாருங்கள். அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். இது மூளையைத் தொட்ட ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.

வார்டில் இந்தக் குழந்தைகளின் நாடித்துடிப்பை அவர்கள் தூங்கும்போதும் எண்ணுகிறோம். காய்ச்சலும் பயமும் இல்லாத உறக்கத்திலும் துடிப்பு வேகமாக இருந்தால் இதயம் சிரமப்படுகிறது என்று பொருள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை அடுக்கிக்கொள்ளுதல், பாதம் வீங்குதல்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு, அடுத்த தொண்டைப் புண்ணில் அது மீண்டும் வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். அதைத் தடுக்கவே பென்சத்தீன் பென்சிலின் ஊசி. 27 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 12 லட்சம் யூனிட், நம் நாட்டில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை. சதைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கசியும் மருந்து இது. மூன்று வாரம் கடந்ததும் இரத்தத்தில் அதன் அளவு தாழ்ந்துவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வாரம் பிள்ளைக்குக் காவல் இல்லை.

எத்தனை வருடம்? இதயம் பாதிக்கப்படவில்லை என்றால் குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 18 வயது வரை, இதில் எது நீண்டதோ அது. லேசாகப் பாதிக்கப்பட்டிருந்தால் 10 ஆண்டுகள் அல்லது 25 வயது வரை. வால்வு பெரிதும் கெட்டிருந்தால் 40 வயது வரை அல்லது வாழ்நாள் முழுதும். நம் சிறுமிக்கு 25 வயது வரை என்றால் 14 ஆண்டுகள், ஏறத்தாழ 240 ஊசிகள். இந்த எண்ணிக்கையை முதல் நாளிலேயே வாப்பாவிடமும் உம்மாவிடமும் சொல்லிவிடுகிறோம். ஓராண்டில் முடிந்துவிடும் என்று நம்பிய குடும்பம் இரண்டாம் ஆண்டில் வருவதை நிறுத்திவிடும்.

21 நாளில் ஒரு வசதி இருக்கிறது. அது எப்போதும் அதே கிழமையில்தான் வரும். பள்ளி விடுமுறையான சனிக்கிழமையில் தொடங்கினால் எல்லா ஊசியும் சனிக்கிழமையில் விழும். காலண்டரில் வருடம் முழுமைக்கும் வட்டமிட்டுவிடலாம். கல்யாணத்துக்கோ வெளியூருக்கோ போவதாக இருந்தால் ஓரிரு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.

பிள்ளைகள் இதை வெறுப்பதற்குக் காரணம் வலி. மருந்து கெட்டியானது, ஊசி தடித்தது. மருந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். குத்தும் இடத்தில் பத்து விநாடி விரலால் அழுத்துவதும், பேச்சுக் கொடுப்பதும் உதவும். இவற்றைச் செய்யும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். வெறும் வயிற்றோடு வராதீர்கள். முன்பு பென்சிலினால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

ஊசிக்கும் தினசரி மாத்திரைக்கும் எது நல்லது என்று கேட்கிறார்கள். பென்சிலின் மாத்திரையும் உண்டு. ஆனால் காலை மாலை இருவேளை வருடக்கணக்கில் தவறாமல் விழுங்குவது நடைமுறையில் கடினம். அதனால்தான் ஊசியை முதலில் சொல்கிறோம்.

பல் சொத்தையை விட்டுவைக்காதீர்கள். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் இறங்கிக் கெட்ட வால்வில் குடியேறும். பல் மருத்துவரிடம் போனால் இதய நோய் உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள்.

மறைக்கக் கூடாத ஒன்று

ஊசி பெரும்பாலும் நின்றுபோகும் ஓர் இடம் திருமணம். பெண்ணுக்கு இதயத்தில் குறை என்று தெரிந்தால் சம்பந்தம் கைகூடாது என்று நோட்டை ஒளித்துவைக்கிறார்கள். மாமியார் வீட்டில் மாதாமாதம் ஊசிக்குப் போக முடியாமல் அது நின்றுவிடுகிறது. கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. அதுவரை நோய் இருப்பதே தெரியாமல் இருந்த பெண், பிரசவ வார்டில் மூச்சுத்திணறலோடு வந்து சேர்வாள். வால்வு லேசாகக் கசியும் பெண்கள் பெரும்பாலோர் மருத்துவக் கண்காணிப்பில் நல்லபடி பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே நிக்காஹ்வுக்கு முன் ஒரு எக்கோ பார்த்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லி, ஊசி எந்த மருத்துவமனையில் தொடரும் என்பதையும் பேசி முடியுங்கள்.

நோன்பு மாதத்தில்

பருவம் அடையாத குழந்தைக்கு நோன்பு கடமையில்லை. பருவம் அடைந்த நோயாளிக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. நெஃப்ராடிக் நோய் மேலோங்கி, வீக்கம் வடிய மருந்து எடுக்கும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இரத்தம் உறைவதற்கு வழிவிடும். அந்த நாட்களில் நோன்பு வேண்டாம். நோய் அடங்கி, காலையில் ஒரு வேளை மாத்திரை மட்டும் எடுப்பவர், மருத்துவர் சம்மதித்தால் அதை ஸஹர் உணவுக்குப் பின் எடுக்கலாம். பென்சிலின் ஊசி நோன்பை முறிக்குமா என்ற தயக்கம் இருந்தால், இஃப்தாருக்குப் பின் போட மருத்துவமனையில் முன்கூட்டிப் பேசிவையுங்கள். பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு ருமாட்டிக் காய்ச்சல் இருந்தால் மற்றப் பிள்ளைகளின் தொண்டைவலியையும் கவனியுங்கள். சளி, இருமலோடு வரும் தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் தேவையில்லை. சளி, இருமல் இல்லாமல் காய்ச்சலும் நெறிகட்டும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். பத்து நாள் மாத்திரை என்று எழுதியிருந்தால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும், பத்தாம் நாள் வரை கொடுங்கள்.